வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் முதலில் எங்கே பார்ப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் ஐசியூவில் புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ், கட்டுவிரியன் கடித்து வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரைச் சீக்கிரமே பார்த்துவிடுவார். வெயில் காலத்தில் புழுக்கம் தாங்காமல் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். ராத்திரி எதுவோ கடித்ததே தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, அப்புறம் கண் இமை தூக்க முடியாது, எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு இழுக்கும் தசையும் நின்றுபோகும். நுரையீரலில் ஒரு கோளாறும் இருக்காது. காற்றை இழுக்கத்தான் ஆள் இல்லை. அந்த வேலையைச் சில நாட்களுக்கு மெஷின் செய்கிறது.

வென்டிலேட்டர் அலாரத்தைப் படிக்க இப்படிப்பட்ட நோயாளியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏனென்றால் இவர் இரும மாட்டார், ட்யூபைக் கடிக்க மாட்டார், மெஷினோடு மல்லுக்கு நிற்க மாட்டார். அலாரம் அடித்தால் காரணம் வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் போகும் ட்யூபிலோ, அதை மெஷினோடு இணைக்கும் குழாயிலோ, மெஷினிலோ, நெஞ்சுக்குள்ளோதான் இருக்கும். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவு. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு கட்டுவிரியன் நோயாளியை வைத்தே போகிறது. நான் பார்த்த பலரைச் சேர்த்து உருவாக்கிய ஒருவர் அவர். ஒரே ராத்திரியில் ஹை பிரஷர் அலாரமும் லோ பிரஷர் அலாரமும் அவருக்கு அடிக்கின்றன.

பிரஷர் என்று மெஷின் எதைச் சொல்கிறது?

வால்யூம் கன்ட்ரோல் என்ற முறையில், ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று என்பதை நாம் சொல்லிவிடுகிறோம். அந்தக் காற்றை உள்ளே தள்ள எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்று மெஷின் நமக்குத் திருப்பிச் சொல்கிறது. கண்மாயிலிருந்து வயலுக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் எங்காவது மடங்கினால் மோட்டார் திணறும். ஹோஸ் கழன்று விழுந்தால் மோட்டார் லேசாக ஓடும், வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. திணறுவது ஹை பிரஷர், லேசாக ஓடுவது லோ பிரஷர். இரண்டிலும் வயல் காய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நம் நோயாளி 165 சென்டிமீட்டர் உயரம். மூச்சின் அளவை உடல் எடையை வைத்து முடிவு செய்வதில்லை, உயரத்துக்குரிய எடையை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். இவருக்கு அது சுமார் 61 கிலோ. அதனால் ஒரு மூச்சுக்கு 450 மில்லி, நிமிடத்துக்கு 14 மூச்சு என்று டாக்டர் வைத்திருக்கிறார். ஒரு நிமிடத்துக்கு 6.3 லிட்டர் காற்று போகிறது. மூச்சு உள்ளே போகும்போது ஏறும் உச்ச அழுத்தம் திரையில் `Ppeak` என்று வரும். இவருக்கு அது 18. அலகு சென்டிமீட்டர் நீரழுத்தம், ஆனால் வார்டில் யாரும் அலகு சொல்வதில்லை, "பீக் பதினெட்டு" என்பதோடு சரி. வெளியே திரும்பி வரும் காற்றின் அளவு `VTe`. 450 போனால் ஏறக்குறைய 450 திரும்ப வர வேண்டும். மெஷினுக்கு மெஷின் இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது.

அலாரத்தின் மேல் எல்லையைப் பொதுவாக வழக்கமான பீக்கைவிடப் பத்து முதல் பதினைந்து கூடுதலாக வைப்பார்கள். இவருக்கு 30 என்று வைத்திருக்கிறது. கீழ் எல்லை பீக்கைவிட ஐந்து முதல் பத்து குறைவு. இவருக்கு 10.

இங்கே புதியவர்கள் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. ஹை பிரஷர் அலாரம் வெறும் எச்சரிக்கை மணி அல்ல. அழுத்தம் 30-ஐத் தொட்டதும் நுரையீரலைக் காப்பாற்றுவதற்காக மெஷின் அந்த மூச்சை அங்கேயே நிறுத்தி, காற்றை வெளியே விட்டுவிடும். 450 மில்லி போக வேண்டிய இடத்தில் 200 மில்லிதான் போயிருக்கும். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நோயாளிக்குப் பாதி மூச்சுதான் கிடைக்கும். அதனால்தான் அலாரத்தை அமுக்கிவிட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அடுத்த பெட்டுக்குப் போக முடியாது.

முதல் அலாரம்: ஹை பிரஷர்

ராத்திரி இரண்டு மணி வாக்கில் பீக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. 18 என்றிருந்தது 24 ஆகி, 30-ஐத் தொட்டு அலாரம் அடிக்கத் தொடங்குகிறது. `VTe` 210 காட்டுகிறது. நிமிடத்துக்கு 6.3 லிட்டர் போக வேண்டியவருக்கு மூன்று லிட்டர்கூடப் போகவில்லை.

கை எங்கே போக வேண்டும்? மெஷின் பட்டனுக்கு இல்லை, நோயாளியின் நெஞ்சுக்கு. கண் முகத்தில், கை நெஞ்சின் மேல். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறுகிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, மானிட்டரில் சாச்சுரேஷனும் பல்ஸும் ரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன? இதற்குப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: நின்று நிதானமாகக் காரணம் தேட நேரம் இருக்கிறதா, இல்லையா?

நேரம் இல்லை என்றால், அதாவது சாச்சுரேஷன் சரசரவென இறங்குகிறது, நெஞ்சு அசையவே இல்லை, பல்ஸ் குறைகிறது என்றால், மெஷினைக் கழற்றிவிட்டு ஆக்சிஜன் இணைத்த ஆம்பு பேக்கால் கையாலேயே மூச்சு கொடுக்க வேண்டும். கூடவே சத்தம் போட்டு ஆள் கூப்பிட வேண்டும். இது தோல்வி ஒன்றும் இல்லை. மெஷினை ஆராய்வதற்கு நமக்கு நேரம் வாங்கித் தருவது இதுதான்.

நம் நோயாளிக்குச் சாச்சுரேஷன் 97-லிருந்து 93-க்கு இறங்கியிருக்கிறது, பல்ஸ் கொஞ்சம் கூடியிருக்கிறது, நெஞ்சு குறைவாக ஏறினாலும் இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறது. சரி, ஒரு நிமிடம் இருக்கிறது. ஆக்சிஜனை நூறு சதவீதமாக்கும் பட்டனை அமுக்கிவிட்டு, வாயிலிருந்து மெஷின் வரைக்கும் குழாய் வழியே கையாலேயே தடவிப் போக வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்தால் போர்வைக்கு அடியில் மடங்கியிருப்பது தெரியாது.

முதலில் வாய். உதட்டோரம் ட்யூபில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். இவருக்கு 22-ல் கட்டியிருந்தது, இப்போதும் 22-தான். ஒருவேளை 25 என்று இருந்தால் ட்யூப் உள்ளே நழுவி வலப்பக்கக் கிளைக்குள் போயிருக்கும். அப்போது இடது பக்கம் ஸ்டெத்தில் காற்று கேட்காது, பீக்கும் ஏறும். வேறு நோயாளியாக இருந்தால் பல்லால் ட்யூபைக் கடிக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். இவருக்குத் தாடையே அசையாது, அதனால் அதை விட்டுவிடலாம்.

அடுத்து குழாய். இங்கே தண்ணீர் கிடக்கிறது. ஹியூமிடிஃபையர் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிறது. வெளியே கோடை கொளுத்துகிறதே என்று ஏசியை உச்சத்தில் வைத்த அறையில் அந்த ஈரம் குழாயின் சுவரில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகிறது. பள்ளமான வளைவில் அது தேங்கி நிற்கும், மூச்சு போகும்போதெல்லாம் கொடகொட என்று சத்தம் வரும், திரையில் ஓடும் கோடு வழவழப்பாக இல்லாமல் ரம்பப்பல் போல நடுங்கும். தண்ணீரை வாட்டர் ட்ராப் இருக்கும் பக்கம் சாய்த்து வடிக்க வேண்டும். நோயாளி பக்கம் குழாயைத் தூக்கிவிட்டால் அத்தனையும் நுரையீரலுக்குள் போய்விடும். திரும்ப ஹியூமிடிஃபையருக்குள் ஊற்றுவதும் கூடாது, அது கிருமி படிந்த தண்ணீர்.

தண்ணீரை வடித்தாயிற்று. பீக் 27-க்கு வந்தது, அலாரம் நின்றது. பெரும்பாலான புதியவர்கள் இங்கேயே திருப்திப்பட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் 27 என்பது 18 இல்லை. அலாரம் நின்றதால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கணக்கு வைக்க முடியாது. இன்னும் ஒன்பது எங்கே இருக்கிறது?

ட்யூட்டி டாக்டர் மெஷினில் ஒரு மூச்சைக் கொஞ்சம் பிடித்து நிறுத்திப் பார்க்கிறார். காற்று ஓடாமல் நிற்கும் அந்த நேரத்தில் அழுத்தம் இறங்கி ஓர் இடத்தில் நிலைக்கும். அது பிளாட்டோ, திரையில் `Pplat`. காற்று ஓடாதபோது வழியில் தடை இருந்தாலும் அது இந்த எண்ணில் தெரியாது. நுரையீரலின் விறைப்பு மட்டும்தான் தெரியும். நம் நோயாளிக்கு முன்பு பீக் 18, பிளாட்டோ 14, வித்தியாசம் 4. இப்போது பீக் 27, பிளாட்டோ அதே 14, வித்தியாசம் 13. நுரையீரல் மாறவில்லை, வழிதான் குறுகியிருக்கிறது. வழி என்றால் ட்யூப், அல்லது அதற்குக் கீழே மூச்சுக்குழல். சளி அடைப்பு, ட்யூப் மடிப்பு, ஆஸ்துமாவில் போல மூச்சுக்குழல் சுருங்குவது எல்லாம் இதில் சேரும்.

பிளாட்டோவும் சேர்ந்து ஏறியிருந்தால் கதை வேறு. ஒரு நுரையீரல் சுருங்கியிருக்கலாம், நீர் கோத்திருக்கலாம், ட்யூப் ஒரு பக்கமாகப் போயிருக்கலாம், நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறையில் காற்று புகுந்து அமுக்கிக்கொண்டிருக்கலாம். இந்தக் கடைசிதான் பயங்கரம். ஒரு பக்கம் நெஞ்சு ஏறாது, அந்தப் பக்கம் ஸ்டெத்தில் சத்தமே இருக்காது, ரத்த அழுத்தம் விழும். அப்போது எக்ஸ்ரே வரட்டும் என்று காத்திருக்கும் நேரம் இல்லை, டாக்டரை அந்த நொடியே கூப்பிட்டுப் பக்கத்தில் ஊசியும் ட்ரேயும் எடுத்து வைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பிளாட்டோ எண்ணை நம்ப, நோயாளி சொந்தமாக மூச்சு இழுக்காமல் இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டோ தள்ளிக்கொண்டோ இருப்பவருக்கு அந்த எண் ஏமாற்றும். நம் கட்டுவிரியன் நோயாளிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் கரகரப்பு, தொண்டைக்குழியில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. சளி. இவரால் இரும முடியாது, விழுங்க முடியாது, சேர்ந்ததெல்லாம் அங்கேயே கிடக்கும். நாமே எடுத்தால்தான் உண்டு.

சக்‌ஷனுக்கு முன் நூறு சதவீத ஆக்சிஜன் அரை நிமிடமாவது கொடுத்திருக்க வேண்டும். 7.5 ட்யூபுக்கு 10-ஆம் நம்பர் கதீட்டர். ட்யூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் கதீட்டர் அடைக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. உறிஞ்சும் அழுத்தம் 100 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம். உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போதுதான். ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. கதீட்டர் போகும்போதே நமக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் ட்யூபில் பெரிய அடைப்பு இல்லை. பாதியில் முட்டி நின்றால் ட்யூபுக்குள்ளேயே கட்டியான சளி இருக்கிறது, அல்லது ட்யூப் மடங்கியிருக்கிறது. சக்‌ஷன் செய்தும் வழி திறக்கவில்லை என்றால் ட்யூபையே மாற்ற வேண்டி வரும், அனஸ்தடிஸ்ட்டைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த நோயாளிகள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார்கள். கண் திறக்க முடியாது, விரல் அசைக்க முடியாது, ஆனால் காது கேட்கும், வலி தெரியும். மயக்க மருந்து லேசாக இருக்கும்போது நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். "அண்ணே, சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் திணறலா இருக்கும், சீக்கிரம் முடிச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பல்ஸ் ஏறுவதை வைத்துத்தான் அவர் பயப்படுகிறார் என்று நமக்குத் தெரியும், அவரிடம் வேறு மொழி இல்லை.

கெட்டியான சளி உருண்டை ஒன்று வந்தது. பீக் 19. சாச்சுரேஷன் 98. மூடிய சக்‌ஷன் வைத்திருக்கும் இடங்களில் இன்னும் ஒரு வேலை பாக்கி: கதீட்டரை அதன் கறுப்புக் குறி உறைக்குள் தெரியும்வரை முழுக்க வெளியே இழுத்திருக்கிறோமா என்று பார்ப்பது. நுனி ட்யூபுக்குள்ளேயே நின்றுவிட்டால் வழியைக் குறுக்கிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பீக் ஏறும், ஊரெல்லாம் தேடியும் காரணம் கிடைக்காது.

இத்தனைக்கும் நடுவில் செய்யக் கூடாத ஒன்றைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அலாரம் தொல்லை பண்ணுகிறதே என்று மேல் எல்லையை 30-லிருந்து 50-க்கு ஏற்றிவிடுவது. அப்போது அடைப்பு அப்படியே இருக்க, மெஷின் இன்னும் பலமாகத் தள்ளும். சத்தம் நிற்கும், ஆபத்து கூடும். எல்லையை மாற்றுவது காரணம் தெரிந்த பிறகு டாக்டர் எடுக்கும் முடிவு.

இரண்டாவது அலாரம்: லோ பிரஷர்

நாலு மணிக்கு நோயாளியைப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்து முதுகு துடைத்துவிடுகிறார்கள். திருப்பி முடித்த அடுத்த மூச்சிலேயே அலாரம். பீக் 7. `VTe` 60.

கூட இருந்த புதுப் பெண் மானிட்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், "அக்கா, ஆளு நல்லாத்தானே இருக்காரு, தொண்ணூத்தெட்டு காட்டுதே."

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சாச்சுரேஷன் என்பது பழைய கணக்கு. மூச்சு நின்ற பிறகும் நுரையீரலில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜன் ரத்தத்துக்குக் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் விரலில் மாட்டிய ப்ரோப் தாமதமாகத்தான் காட்டும். 98 என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோயாளி மூச்சே வாங்காமல் இருக்கக்கூடும். எண் இறங்கத் தொடங்கினால் அப்புறம் மளமளவென்று விழும். சொந்தமாக மூச்சு விடக்கூடிய நோயாளிக்குக் குழாய் கழன்றால் அவர் தானாகவே கொஞ்சம் சமாளிப்பார். நம் நோயாளிக்கு மெஷின் கொடுப்பதுதான் மூச்சு. அவருக்கு ஹை பிரஷரைவிட லோ பிரஷர் அலாரம்தான் அவசரம். ஹை பிரஷரில் பாதி மூச்சாவது போகும், கழன்றுபோனால் ஒன்றுமே போகாது.

அதனால் காரணம் தேடாமல் நேராக நெஞ்சைப் பார்க்கிறோம். அசைவு இல்லை. ட்யூபைக் குழாயிலிருந்து கழற்றி ஆம்பு பேக் போட்டு அழுத்துகிறோம். நெஞ்சு இரண்டு பக்கமும் நன்றாக ஏறுகிறது, கைக்கு வழக்கமான தடை தெரிகிறது, வாயோரம் காற்று கசியும் சத்தம் இல்லை.

இந்த ஒரு அழுத்தலில் பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று. ஆம்பு பேக்கில் நன்றாகப் போகிறது என்றால் நோயாளியும் ட்யூபும் சரி, கோளாறு குழாயிலோ மெஷினிலோ. ஆம்பு பேக்கிலும் கை இறுகுகிறது என்றால் ட்யூபிலோ நெஞ்சிலோ அடைப்பு. ஆம்பு பேக் தளதளவென்று காலியாகி, வாயில் கொப்பளிக்கும் சத்தம் வந்தால் ட்யூபின் பலூனான கஃபில் காற்று இறங்கியிருக்கிறது அல்லது ட்யூப் மேலே வந்துவிட்டது. இதைக் கைக்குப் பழக்கிக்கொண்டவர் எந்த கம்பெனி மெஷின் முன்னாலும் தடுமாற மாட்டார்.

ஒருவர் ஆம்பு பேக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் குழாயைத் தடவுகிறார். ட்யூபோடு இணையும் இடம், ஃபில்டர், நெபுலைசர் வைக்கும் இடத்து மூடி, வெப்பநிலை ப்ரோப் செருகும் ஓட்டை, ஹியூமிடிஃபையர் மூடி எல்லாம் சரி. வாட்டர் ட்ராப்பில் கை வைத்ததும் காற்று உஸ்ஸென்று அடிக்கிறது. இரண்டு மணிக்குத் தண்ணீர் வடித்தபோது கப்பைக் கோணலாக மாட்டியிருக்கிறார்கள். அப்போது ஒட்டிக்கொண்டு நின்றது, திருப்பும்போது குழாய் இழுபட்டு விலகிவிட்டது. பல ட்ராப்களில் கப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு வால்வு தானாக மூடிக்கொள்ளும், கப்பை மாட்டினால் திறக்கும். கப் கோணலாக உட்கார்ந்தால் வால்வும் திறந்தே நிற்கும், பக்கமும் இறுகாது. அத்தனை காற்றும் அங்கேயே போய்விடும். கப்பை நேராக வைத்துத் திருகியதும் மெஷினை மாட்டுகிறார்கள். பீக் 18, `VTe` 445.

ஒரு அலாரத்தைத் தீர்க்கச் செய்த வேலைதான் அடுத்த அலாரத்தைக் கொண்டுவந்தது. வென்டிலேட்டரில் இது சகஜம். சக்‌ஷன், நெபுலைசர், எக்ஸ்ரே, படுக்கை மாற்றுவது என்று எதை முடித்தாலும், கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கஃப் பற்றிக் கொஞ்சம். ட்யூபின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பலூன்தான் கஃப். அதற்குள் இருக்கும் அழுத்தம் 20-க்கும் 30-க்கும் நடுவில் இருக்க வேண்டும், அதை அளக்க ஒரு மானோமீட்டர் உண்டு. வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்வது அளவே இல்லை. காற்று கசிகிறது என்றதும் சிரிஞ்சை எடுத்துப் பத்து மில்லியை உள்ளே தள்ளுகிறவர்களும் உண்டு. முதலில் உதட்டோர எண்ணைப் பாருங்கள். 22-ல் இருந்த ட்யூப் 17-க்கு வந்துவிட்டது என்றால் கஃப் குரல்நாணுக்கு மேலே வந்து நிற்கிறது. அங்கே எத்தனை காற்று அடித்தாலும் கசிவு நிற்காது, ட்யூப் இன்னும் வெளியேதான் தள்ளப்படும். டாக்டரைக் கூப்பிட வேண்டும், ட்யூப் முழுக்க வந்துவிட்டால் மாஸ்க் வைத்து ஆம்பு பேக் போட வேண்டும்.

அலாரமே அடிக்காத கழற்சி

லோ பிரஷர் அலாரத்தை மட்டும் நம்பியிருப்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கழன்ற குழாயின் வாய் தலையணையிலோ மெத்தையிலோ அமுங்கிக் கிடந்தால், மெஷின் தள்ளும் காற்று அந்தத் துணியில் முட்டி அழுத்தம் காட்டும். கீழ் எல்லை 5 என்று வைத்திருந்தால் அலாரம் வாய் திறக்காது. ட்யூப் தொண்டைக்கு வந்துவிட்டாலும் இதே மாதிரிதான், குறுகலான ட்யூபே ஓரளவு தடை காட்டிவிடும். இந்த மாதிரி நேரத்தில் நம்மைக் காப்பாற்றுவது திரும்பி வரும் காற்றின் அளவு. 450 அனுப்பினால் 60 வருகிறது என்பதை மெஷின் மறைக்க முடியாது. அதனால் `VTe` குறைந்தால் அடிக்கும் அலாரத்தையும், நிமிடக் காற்றளவு குறைந்தால் அடிக்கும் அலாரத்தையும் சும்மா பூஜ்யத்தில் விட்டுவைக்கக் கூடாது. நம் நோயாளிக்கு நிமிடத்துக்கு 6.3 லிட்டர் என்றால் 4.5 லிட்டருக்குக் கீழே போனால் அடிக்கும்படி வைத்திருப்பது நியாயமான அளவு.

இன்னொரு சிக்கல், முறை மாறும்போது வருவது. மேலே சொன்னதெல்லாம் வால்யூம் கன்ட்ரோல். பிரஷர் கன்ட்ரோலில் எவ்வளவு அழுத்தம் என்பதை நாம் சொல்கிறோம், காற்றின் அளவு மாறிக்கொள்ளும். அங்கே சளி அடைத்தால் அழுத்தம் ஏறாது, ஏறுவதற்கு வழியே இல்லை. காற்றின் அளவு இறங்கும். அடைப்பும் அங்கே `VTe` குறைவு அலாரமாகத்தான் வரும், கசிவும் அதே அலாரமாகத்தான் வரும். எனவே எந்த முறையில் ஓடுகிறது என்று திரையின் மேல் ஓரத்தில் பார்த்துக்கொண்டுதான் அலாரத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். முறை தெரியாவிட்டாலும் நெஞ்சு, ஆம்பு பேக், குழாய் என்ற வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அலாரம் அமுக்கும் பட்டன் பல மெஷின்களில் இரண்டு நிமிடம்தான் சத்தத்தை நிறுத்தும். நெஞ்சைப் பார்த்த பிறகு அதை அமுக்குவதில் தப்பில்லை, சத்தம் இல்லாமல் ஸ்டெத் வைத்துக் கேட்க வசதி. பார்க்காமல் அமுக்குவதுதான் தப்பு.

டூட்டி மாறும்போது

காலை ஷிப்ட் வந்ததும் அந்த ராத்திரியை இப்படி எழுதிக் கொடுத்தால் போதும்: எத்தனை மணிக்கு என்ன அலாரம், அப்போது பீக், `VTe`, சாச்சுரேஷன் எவ்வளவு, என்ன செய்தோம், செய்த பிறகு எவ்வளவு. "அலாரம் வந்தது, சரிசெய்யப்பட்டது" என்ற ஒரு வரி யாருக்கும் பயன்படாது. சளி கெட்டியாக இருந்தது என்று எழுதினால் பகலில் டாக்டர் ஈரப்பதத்தைக் கூட்டச் சொல்வார்.

புதிதாகப் பெட்டைப் பொறுப்பேற்பவர் பேப்பரில் இருக்கும் அலாரம் எல்லைகளையும் மெஷினில் இருக்கும் எல்லைகளையும் ஒத்துப் பார்க்க வேண்டும். முந்தைய நோயாளிக்காக 50 என்று ஏற்றி வைத்த எல்லை அப்படியே கிடப்பது அபூர்வம் இல்லை. உதட்டோர எண், கஃப் அழுத்தம், சக்‌ஷன் உறிஞ்சுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, தலைமாட்டில் ஆம்பு பேக் தொங்குகிறதா, அதன் குழாய் ஆக்சிஜனோடு இணைந்திருக்கிறதா, கூடவே மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்து ஒரு தடவை அழுத்தியும் பாருங்கள். ராத்திரி யாரோ வேறு பெட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் திருப்பி வைக்க மறந்திருப்பார்கள்.